3,000-க்கு வாங்கியதைத் திருப்பினால் 1,470 வந்தது ஏன்?

கேள்வி: வணக்கம். ஆன்லைனில் ஒரே ஆர்டரில் ஹெட்ஃபோன் 3,000, கீபோர்டு 2,000, மவுஸ் 1,000 என்று மூன்று பொருள் வாங்கினேன். ‘5,000-க்கு மேல் வாங்கினால் 900 தள்ளுபடி’ என்ற கூப்பனைப் போட்டேன். டெலிவரி 120. கார்டில் மொத்தம் 5,220 கட்டினேன். ஹெட்ஃபோன் காதை அழுத்தியதால் அதை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டேன். 15% ரீஸ்டாக்கிங் கட்டணமும், திருப்பி அனுப்பும் செலவு 180-உம் பிடிப்பார்கள் என்று தெரியும். 2,370 வரும் என்று காத்திருந்தேன். வந்தது 1,470. கேட்டால் ‘சிஸ்டம் போட்ட கணக்கு’ என்கிறார்கள். யார் கணக்கு சரி?
— ஒரு வாசகி

பதில்: உங்கள் கணக்குக்கும் கடையின் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் சரியாக 900. அது கூப்பன் தொகை. நீங்கள் கூப்பனைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கடை அதை முழுவதுமாக ஹெட்ஃபோன் தலையில் கட்டிவிட்டது. கூப்பனில் தனி நிபந்தனை எதுவும் இல்லாவிட்டால் உங்களுக்கு வர வேண்டியது 1,987.50. ஒரே ஒரு நிபந்தனை இருந்தால் மட்டும் கடையின் 1,470 நியாயமாகலாம். அது இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதைப் பிறகு சொல்கிறேன். ஆன்லைன் விற்பனையில் ரிட்டர்ன் கணக்குகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. எனக்கு வரும் தகராறுகளில் பெரும்பாலானவை கூப்பனில்தான் தொடங்குகின்றன. எந்த நாட்டுப் பணத்துக்கும் கணக்கு ஒன்றுதான் என்பதால், உங்களைப் போலவே நானும் எண்களை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: அந்த ஹெட்ஃபோனுக்கு நீங்கள் உண்மையில் எவ்வளவு கொடுத்தீர்கள்? பில்லில் 3,000 என்று இருக்கும், ஆனால் நீங்கள் 3,000 கொடுக்கவில்லை. மூன்று பொருளின் விலை 6,000. அதில் 900 குறைந்தது. அந்தக் குறைப்பு மொத்த ஆர்டருக்குக் கிடைத்தது. எந்த ஒரு பொருளுக்கும் தனியாகக் கிடைக்கவில்லை. அதனால் விலையின் விகிதத்தில் அதைப் பிரித்துவிட வேண்டும். ஹெட்ஃபோன் மொத்த விலையில் பாதி, ஆகவே கூப்பனிலும் பாதி, அதாவது 450. கீபோர்டுக்கு 300, மவுஸுக்கு 150. மூன்றையும் கூட்டினால் 900 வருகிறது, சரியாக இருக்கிறது. ஆக ஹெட்ஃபோனுக்கு நீங்கள் கொடுத்தது 2,550. திரும்பி வரும் பணம் இந்த 2,550-இலிருந்துதான் கிளம்ப வேண்டும். நீங்கள் 3,000-இலிருந்து கிளம்பினீர்கள், அங்கேதான் உங்கள் கணக்கில் 450 கூடிப்போனது.

இந்தப் பிரிப்பைச் சில கடைகள் வேறு மாதிரியும் செய்கின்றன. பொருளின் எண்ணிக்கையால் வகுத்து, மூன்றுக்கும் தலா 300 என்று போடுவது ஒன்று. அப்படிச் செய்தால் விலை கூடிய பொருளைத் திருப்புகிறவருக்கு லாபம், விலை குறைந்ததைத் திருப்புகிறவருக்கு நஷ்டம். 1,000 மதிப்புள்ள மவுஸை மட்டும் திருப்பினால் 850-க்குப் பதிலாக 700-ஐத்தான் அடிப்படையாக எடுப்பார்கள். நியாயமான வழி விலை விகிதம்தான். பல கடைகளின் பில்லில் ஒவ்வொரு பொருளின் வரியிலும் ‘தள்ளுபடி’ என்று ஒரு பத்தி இருக்கும். உங்கள் பில்லில் ஹெட்ஃபோனுக்கு நேரே 450 என்று அச்சாகியிருந்தால் அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஆர்டர் போட்ட அன்றே கடை தன் கையால் பிரித்து எழுதிய கணக்கு அது. ரீஃபண்ட் கொடுக்கும்போது மட்டும் அதை மாற்ற முடியாது.

கூப்பன் ‘ஹெட்ஃபோனுக்கு மட்டும்’ என்று வந்திருந்தால் கதை வேறு. அப்போது முழு 900-உம் ஹெட்ஃபோனுக்குச் சொந்தம், கடை கழித்ததில் குறை சொல்ல முடியாது. உங்களுடையது மொத்தத் தொகையைப் பார்த்துத் தந்த கூப்பன். அதனால் விகிதப் பிரிப்புதான்.

அடுத்தது ரீஸ்டாக்கிங் கட்டணம். இதன் மேல் பலருக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் இதற்குப் பின்னால் உண்மையான வேலை இருக்கிறது. திரும்பி வந்த ஹெட்ஃபோன் பெட்டியை ஒருவர் மேசையில் வைத்துத் திறக்கிறார். பின்பக்க சீரியல் எண் பில்லோடு ஒத்துப்போகிறதா என்று ஸ்கேன் செய்கிறார். காது மெத்தையில் முடியோ எண்ணெய்ப் பிசுக்கோ ஒட்டியிருக்கிறதா, சார்ஜிங் வயரைக் கட்டிய கம்பி பிரிக்கப்பட்டதா, கையேடும் உறையும் உள்ளே இருக்கின்றனவா என்று பார்க்கிறார். சீல் உடைந்த பெட்டியைப் புதியது என்று மறுபடி விற்க முடியாது. ‘திறந்த பெட்டி’ என்று விலை குறைத்துத்தான் விற்க வேண்டும். இந்த வேலைக்கும் விலை இறக்கத்துக்கும்தான் அந்த 15%. சீல் உடைக்காமல் திருப்பினால் இந்தக் கட்டணத்தையே பிடிக்காத கடைகளும் உண்டு. நீங்கள் போட்டுப் பார்த்துத்தான் அழுத்துகிறது என்று கண்டுபிடித்தீர்கள். ஆகவே கட்டணம் என்ற ஒன்று வரும்.

எதன் மேல் 15% என்பதுதான் கேள்வி. கடை 3,000 மேல் போட்டு 450 பிடித்திருக்கிறது. நீங்களும் அப்படியே போட்டிருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்த 2,550 மேல் போட்டால் அது 382.50. வித்தியாசம் 67.50. சின்னத் தொகைதான், ஆனால் நீங்கள் கொடுக்காத பணத்துக்கும் சேர்த்துக் கட்டணம் கேட்பதாக ஆகிறது, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரிட்டர்ன் விதிகளில் ‘வாங்கிய விலையில் 15%’ என்றோ ‘செலுத்திய தொகையில் 15%’ என்றோ இருந்தால் 382.50 என்று உறுதியாகக் கேளுங்கள். ‘பட்டியல் விலையில் 15%’ என்று வெளிப்படையாக எழுதியிருந்தால், கசப்பாக இருந்தாலும் 450-தான், அதற்கு நீங்கள் ஒப்புக்கொண்டே வாங்கியிருக்கிறீர்கள். வெறுமனே ‘15% கட்டணம்’ என்று மட்டும் இருந்தால் இரண்டு அர்த்தத்துக்கும் இடம் இருக்கிறது. எழுதியது கடைதான், எழுத்தில் உள்ள குழப்பத்தின் சுமை வாங்கியவர் மேல் விழக் கூடாது என்று வாதிடலாம்.

இந்தக் கட்டணத்தை டெலிவரிப் பணத்தின் மேலும் சேர்த்துப் போட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். உங்கள் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. ஆனால் மொத்த பில்லுக்கும் சதவீதம் போடும் சிஸ்டத்தில் இது நடப்பதுண்டு. திரும்ப அடுக்கி வைப்பது பொருளை, டெலிவரியை அல்ல.

மூன்றாவது, திருப்பி அனுப்பும் செலவு 180. இது சதவீதம் இல்லை, நேரான தொகை. அதனால் கடைசியாகக் கழிக்க வேண்டும். கடை தந்த லேபிளை ஒட்டி அனுப்பியிருந்தால் 180 பிடிப்பது சரி. உங்கள் கைப்பணத்தில் கூரியர் போட்டிருந்தால் அந்தச் செலவை நீங்கள் ஏற்கனவே கொடுத்துவிட்டீர்கள். அப்போது ரீஃபண்டிலும் 180 கழித்தால் ஒரே செலவுக்கு இரண்டு முறை கொடுத்ததாகிவிடும். கூரியர் ரசீதைப் படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள்.

முதலில் வீட்டுக்கு வந்த டெலிவரிக்குக் கொடுத்த 120-ஐப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்காதது சரிதான். கீபோர்டும் மவுஸும் அந்தப் பார்சலிலேயேதான் வந்தன, அவை உங்களிடம் இருக்கின்றன. ஒரு பொருளை மட்டும் திருப்பினால் அந்த 120 பொதுவாகத் திரும்பாது.

இப்போது வரிசையாக எழுதிப் பார்ப்போம்.

ஹெட்ஃபோன் விலை 3,000
கூப்பன் பங்கு கழித்து: 3,000 − 450 = 2,550
கட்டணம் கழித்து: 2,550 − 382.50 = 2,167.50
அனுப்பும் செலவு கழித்து: 2,167.50 − 180 = 1,987.50

பட்டியல் விலையில் கட்டணம் என்று விதி இருந்தால் கடைசித் தொகை 1,920 ஆகும். இரண்டில் எதை எடுத்தாலும் 1,470 வராது. கடையின் கணக்கு 3,000 − 900 − 450 − 180 என்று ஓடியிருக்கிறது.

அது எப்போது சரியாகலாம் என்பதற்கு வருகிறேன். உங்கள் கூப்பன் ‘5,000-க்கு மேல் வாங்கினால்’ கிடைத்தது. ஹெட்ஃபோன் போனபின் உங்களிடம் இருப்பது 3,000 மதிப்புள்ள பொருள்கள். 5,000 என்ற எல்லைக்குக் கீழே வந்துவிட்டீர்கள். சில கடைகள் கூப்பன் விதியில் ‘பொருளைத் திருப்பியபின் மீதித் தொகை எல்லைக்குக் கீழே போனால் தள்ளுபடி முழுவதும் ரத்தாகும்’ என்று எழுதி வைக்கின்றன. அப்படியிருந்தால் கடை இப்படிக் கணக்குப் போடும்: கீபோர்டும் மவுஸும் மட்டும் முதலிலேயே வாங்கியிருந்தால் 3,000-உம் டெலிவரி 120-உம் சேர்த்து 3,120 கொடுத்திருப்பீர்கள். கொடுத்தது 5,220. திருப்ப வேண்டியது 2,100. அதிலிருந்து கட்டணமும் அனுப்பும் செலவும். 2,100-இல் 450-உம் 180-உம் போனால் 1,470.

கவனியுங்கள், தவறாகக் கூப்பனை முழுவதும் ஒரே பொருளில் கழித்தாலும் 1,470, விதிப்படி கூப்பனை ரத்து செய்தாலும் 1,470. தொகையை மட்டும் வைத்துக்கொண்டு இது தவறா விதியா என்று சொல்ல முடியாது. ‘சிஸ்டம் போட்டது’ என்ற பதில் போதாது என்று நான் சொல்வதும் இதனால்தான். ஆர்டர் போட்ட நாளில் இருந்த கூப்பன் விதியைத் தேடுங்கள். கூப்பன் வந்த மெயிலின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும், அல்லது ஆர்டர் உறுதி மெயிலில் இணைப்பாக இருக்கும். கடையின் தளத்தில் இன்று இருக்கும் பக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம், பின்னால் மாற்றியிருக்கலாம். ரத்து விதி அன்று இல்லையென்றால், எல்லையைத் தாண்டிய நேரத்தில் கூப்பன் உங்களுக்குச் சொந்தமாகிவிட்டது, பொருளுக்குரிய பங்கை மட்டுமே கழிக்கலாம் என்பது என் கருத்து.

விதி இருந்தாலும் 15% விஷயத்தை விட்டுவிட வேண்டாம். கூப்பன் ரத்தானதால் ஹெட்ஃபோனுக்கு நீங்கள் அன்று கொடுத்த 2,550 என்பது 3,000 ஆகிவிடாது. ‘செலுத்திய தொகை’ என்று விதியில் இருந்தால் 67.50 உங்களுக்கு வர வேண்டியதே.

இங்கே இன்னொரு ஆபத்து இருக்கிறது. நாளைக்குக் கீபோர்டையும் திருப்ப நினைத்தால் என்ன ஆகும்? கடை கூப்பனை முழுவதும் பிடித்துவிட்டது. கீபோர்டில் மிச்சம் தள்ளுபடியே இல்லை, அதற்கு நீங்கள் இப்போது முழு 2,000 கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் பழைய பில்லில் கீபோர்டுக்கு நேரே 300 தள்ளுபடி என்று இருந்தால் சிஸ்டம் அதைப் பார்த்து 1,700-இலிருந்து தொடங்கும். மவுஸுக்கும் இப்படியே 850. ஹெட்ஃபோனில் 900, கீபோர்டில் 300, மவுஸில் 150 என்று மொத்தம் 1,350 பிடித்துவிடுவார்கள். நீங்கள் பெற்ற தள்ளுபடியே 900-தான். ஒரே ஆர்டரில் எத்தனை தடவையாகப் பொருளைத் திருப்பினாலும், கூப்பன் பெயரில் கழிக்கும் தொகைகளின் கூட்டல் கூப்பன் மதிப்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிழை, வேறு விளக்கம் கிடையாது. தனித்தனியாகத் திருப்புகிறவர்கள் இந்த ஒரு கூட்டலைப் போட்டுப் பார்த்தாலே போதும்.

புகார் எழுதும் முன் உங்கள் பக்கத்தில் இரண்டைச் சரிபாருங்கள். முழுப் பணத்தையும் கார்டில்தான் கட்டினேன் என்கிறீர்கள், அதனால் பணம் இரண்டு இடங்களில் பிரிந்து வந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் கடையின் வாலட்டில் ஒருமுறை பாருங்கள், கொஞ்சம் கார்டிலும் கொஞ்சம் வாலட்டிலும் போடும் கடைகள் உண்டு. அப்புறம், விலையில் வரி அடங்கியிருக்கிறதா, தனியாகச் சேர்த்தார்களா என்று பில்லில் பாருங்கள். நீங்கள் சொன்ன தொகைகள் கூட்டலில் ஒத்துப்போவதால் அடங்கியே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். தனியாக வரி போட்ட பில் என்றால், திருப்பிய பொருளுக்குரிய வரியும் ரீஃபண்டில் வர வேண்டும்.

கிஃப்ட் கார்டு பற்றி ஒரு வார்த்தை. பலர் அதையும் கூப்பனையும் ஒன்றாக நினைக்கிறார்கள். கிஃப்ட் கார்டு நீங்களோ உங்களுக்குத் தந்தவரோ பணம் கொடுத்து வாங்கியது, பணத்துக்குச் சமம். அதைத் தள்ளுபடியாக எண்ணிப் பங்கு கழிக்கக் கூடாது. முழு மதிப்பும் அந்தக் கார்டுக்கே திரும்ப வேண்டும்.

சரி, இப்போது எழுத வேண்டியது. போனில் பேசிப் பயனில்லை, எழுத்தில் கேளுங்கள். கோபத்தை விட்டுவிட்டு எண்களைக் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

“இந்த ஆர்டரில் ஹெட்ஃபோனுக்கான ரீஃபண்ட் 1,470 வந்துள்ளது. கூப்பன், ரீஸ்டாக்கிங் கட்டணம், அனுப்பும் செலவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கழித்தீர்கள், கட்டணத்தை எந்தத் தொகையின் மேல் கணக்கிட்டீர்கள் என்று தனித்தனியாகத் தெரிவிக்கவும். 900 கூப்பனில் ஹெட்ஃபோனின் பங்கு 450. முழு 900 கழித்திருந்தால், அதற்கு அனுமதி தரும் விதி ஆர்டர் நாளில் எங்கே இருந்தது என்று காட்டவும். இல்லையெனில் என் கணக்குப்படி வர வேண்டிய தொகை 1,987.50. மீதி 517.50-ஐ அதே கார்டில் சேர்க்கவும்.”

பில், கூப்பன் மெயில், ரீஃபண்ட் மெயில் மூன்றையும் இணையுங்கள். இப்படித் தெளிவாக எழுதினால் கடிதம் முதல் நிலை ஆளைத் தாண்டிக் கணக்குப் பிரிவுக்குப் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. அங்கே இருப்பவருக்கு 450 எங்கிருந்து வந்தது என்று உடனே புரியும்.

பதிலே வராவிட்டாலோ விதியைக் காட்டாமல் மறுத்தாலோ, கார்டு கொடுத்த வங்கியில் தகராறு பதியலாம். வர வேண்டிய ரீஃபண்ட் வரவில்லை என்பது வங்கிகள் ஏற்கும் காரணங்களில் ஒன்று. அங்கே 5,220-க்கோ 3,000-க்கோ தகராறு போட வேண்டாம். 517.50-க்கு மட்டும் போடுங்கள். முழுத் தொகைக்குப் போட்டால், கடை ஏற்கனவே 1,470 கொடுத்ததைக் காட்டி உங்கள் புகாரையே எளிதாகத் தள்ளிவிடும். இதற்குக் காலக்கெடு உண்டு, வங்கிக்கு வங்கி மாறும். அதனால் கடையின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தையும் ஒருமுறை பாருங்கள். எல்லா நாட்டிலும் கடை எழுதியதே கடைசி வார்த்தை இல்லை. எடுத்துக்காட்டாக ஐரோப்பிய ஒன்றியத்தில், ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருள்களைக் கையில் கிடைத்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பும் உரிமை இருக்கிறது. பொருளைப் பரிசோதிக்கத் தேவையான அளவுக்கு மேல் கையாண்டு மதிப்பைக் குறைத்தால்தான் அங்கே பணம் பிடிக்கலாம், திருப்பியதற்காகவே 15% என்று பொதுவாகப் பிடிக்க முடியாது. முழு ஆர்டரையும் திருப்பினால் முதலில் கொடுத்த சாதாரண டெலிவரிக் கட்டணமும் திரும்பும். ஆனால் திருப்பி அனுப்பும் செலவு, அதை முன்பே சொல்லியிருந்தால், வாங்கியவருடையது.

இதுவரை சொன்னது எல்லாம் ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று திருப்பும்போது. ஹெட்ஃபோனின் ஒரு பக்கம் ஒலிக்காமலோ, வேறு மாடல் வந்தோ திருப்பியிருந்தால் கட்டணமும் 180-உம் கேட்பதற்கே கடைக்கு இடமில்லை. 2,550 முழுதாக வர வேண்டும். கூப்பன் ரத்து விதியையும் அங்கே கொண்டுவரக் கூடாது, எல்லைக்குக் கீழே போனது கடையின் தவறால். ரிட்டர்ன் படிவத்தில் எந்தக் காரணத்தைத் தேர்ந்தீர்கள் என்று பாருங்கள். ‘பொருத்தமில்லை’ என்று குறித்திருந்தால் இப்போதைய கணக்கு அப்படியே நிற்கும். காது அழுத்தியதைக் குறைபாடு என்று இப்போது மாற்றிச் சொல்லப் போக வேண்டாம், உங்கள் கையில் இருக்கும் வலுவான வாதத்தையும் அது கெடுத்துவிடும்.

கீபோர்டிலும் மனசு ஒட்டவில்லை என்றால் ரிட்டர்ன் போடுவதற்கு முன் எக்ஸ்சேஞ்ச் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். அதே விலைக்கு வேறு பொருள் எடுத்தால் ஆர்டர் தொகை குறையாது, ஆகவே கூப்பன் பிரச்சினை எழாது. ஹெட்ஃபோனுக்கும் முதலில் அப்படிக் கேட்டிருக்கலாம், அது முடிந்துபோனது. இப்போதைக்கு அந்த 517.50-க்கான கடிதத்தை இன்றே அனுப்பிவிடுங்கள். கூப்பன் விதியைக் காட்டிப் பதில் வந்தால் அந்த வாசகத்தை அப்படியே எனக்கு எழுதுங்கள், எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.